கணுக்காலின் உள்பக்கத்தில் ஒரு வலி: என் வலது பாதம் சரிந்த கதை

2022 ஆடித் தள்ளுபடியின்போதுதான் முதல் தடவை வலித்தது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் அப்போது எனக்குப் பதினெட்டாவது வருடம். வயது 48, எடை 76 கிலோ, ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. எங்கள் பிரிவில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும். ஆடியில் காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு பத்து மணிவரை நிற்பதுதான். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்களுக்கும் ஸ்டூல் போட்டார்கள். ஆனால் ஆடிக் கூட்டத்தில் அதில் உட்கார்ந்தவர் யாருமில்லை.

வலி வந்த இடத்தைச் சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இடம்தான் இதில் முக்கியம். குதிகாலுக்கு அடியில் இல்லை. கணுக்காலின் உள்பக்கம் ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இல்லையா, அதற்குப் பின்னால் தொடங்கி, அடியில் வளைந்து, பாதத்தின் உள்பக்க நடுப்பகுதி வரைக்கும் ஒரு கோடு மாதிரி வலித்தது. காலையில் எழுந்ததும் அவ்வளவாக இருக்காது. நிற்க நிற்க ஏறும். இரவு கொலுசைக் கழற்றும்போது அந்த எலும்புக்குப் பின்னாலிருக்கும் பள்ளம் மறைந்து, உப்பிப் போயிருக்கும்.

சுளுக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். எங்கேயும் கால் பிசகவில்லையே, விழவில்லையே என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எண்ணெய் போட்டு உருவி விட்டார்கள். அப்புறம் ஒரு கிளினிக்கில் குதிகால் வலி என்று சொல்லி மெத்தென்ற சிலிக்கான் பட்டை கொடுத்தார்கள். யூரிக் அமிலம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பெல்லாம் நல்லா இருக்கும்மா, எடையைக் குறைங்க" என்றார்கள். தீபாவளி வியாபாரம் நெருங்கிவிட்டது. இன்னொரு இடத்தில் வலிக்கிற இடத்திலேயே ஒரு ஊசி போட்டார்கள். ஸ்டீராய்டு ஊசி என்பது பிறகுதான் தெரியும். மந்திரம் போட்ட மாதிரி மூன்றாவது நாள் வலி போய்விட்டது. நிம்மதியாக தீபாவளி முழுவதும் நின்றேன். அந்த ஆறு வாரத்தில்தான் என் கால் போனது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கண்டுபிடித்தது என் மகள். 2023 பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டுவிட்டு, ஈரக்காலோடு சிமெண்டுத் திண்ணையில் ஏறினேன். பின்னால் வந்தவள், "அம்மா, உன் கால் தடத்தைப் பாரேன்" என்றாள். இடது கால் தடம் எல்லாருக்கும் இருப்பது போல நடுவில் ஒடுங்கி இருந்தது. வலது தடம் ரொட்டித் துண்டு மாதிரி அகலமாக, நடுவில் ஒடுக்கமே இல்லாமல் பதிந்திருந்தது. அவள் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து போனில் படம் எடுத்தாள். இடது காலில் குதிகாலுக்கு வெளிப்பக்கம் சுண்டுவிரல் மட்டும் தெரிந்தது. வலது காலில் மூன்று விரல் தெரிந்தது. குதிகால் வெளியே சாய்ந்து, கணுக்கால் உள்ளே சரிந்து, பாதத்தின் முன்பகுதி வெளியே திரும்பியிருந்தது. பிறகு செருப்பை எடுத்துப் பார்த்தோம். வலது செருப்பின் உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தது. கால் எத்தனையோ மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பாதம், கணுக்கால் மட்டும் பார்க்கும் எலும்பு டாக்டர் ஒருவரிடம் பிப்ரவரியில் போனேன். முதலில் அவர் காலைத் தொடவே இல்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். வலது காலில் தூக்கச் சொன்னார். உடம்பு முன்னால் சாய்ந்தது, முழங்கால் மடங்கியது, குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. வலி தடுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தூக்கும் சக்தியே அங்கே இல்லை. அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்புறம் உட்கார வைத்து, கணுக்கால் எலும்புக்குப் பின்னால் என் விரலையே வைக்கச் சொன்னார். "பாதத்தைக் கீழே நீட்டி உள்பக்கமாகத் தள்ளுங்க, நான் தடுக்கிறேன்." இடது காலில் வீணைக் கம்பி மாதிரி ஒரு நாண் விறைத்து என் விரலில் முட்டியது. வலது காலில் அந்த இடம் ஊறிய மாவு போல இருந்தது. கம்பி எதுவும் எழவில்லை, வலிதான் எழுந்தது.

அந்த நாணுக்குப் பெயர் போஸ்டீரியர் டிபியல் டெண்டன். தமிழில் தசைநாண் என்கிறார்கள். நாம் பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் இது நரம்பு இல்லை. தசையை எலும்போடு இழுத்துக் கட்டும் கயிறு. கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் ஒரு தசையிலிருந்து இறங்கி, கணுக்கால் உள் எலும்புக்குப் பின்னால் கப்பியில் கயிறு திரும்புவது போலத் திரும்பி, பாதத்தின் நடு எலும்புகளைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளங்கால் வளைவை மேலே இழுத்து வைப்பது அதன் வேலையில் ஒரு பாதிதான். மறுபாதியை டாக்டர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். நாம் அடி எடுத்து வைக்கும்போது குதிகால் தூக்கும் நொடியில், இந்த நாண் பாதத்தை உள்பக்கம் திருப்பி, நடு எலும்புகளை ஒன்றோடொன்று பூட்டுகிறது. பூட்டினால்தான் பாதம் விறைத்த பலகையாகி உடம்பைத் தள்ளும். நாண் நைந்துபோனால் பூட்டு விழாது. அப்போது கெண்டைக்கால் இழுக்கும் இழுப்பெல்லாம் தளர்ந்த நடுப்பாதத்தின் மேல் இறங்கி, ஒவ்வொரு அடியிலும் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கும். நாண் மட்டுமில்லை, எலும்பை எலும்போடு கட்டி வளைவை அடியிலிருந்து தாங்கும் தசைநார்களும் அந்தப் பாரத்தில் இழுபட்டு நீண்டுபோகும்.

ஏன் எனக்கு என்று கேட்டேன். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் அந்த நாண் திரும்பும் இடத்தில் ரத்த ஓட்டமே குறைவு. கிழிந்தால் மெதுவாகத்தான் ஆறும். நாற்பதைத் தாண்டிய பெண்கள், எடை கூடியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறு வயதிலிருந்தே தட்டைப்பாதம் உள்ளவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், இவர்களுக்கு இது அதிகம் வருகிறது. எனக்கு அதில் மூன்று இருந்தது, அதற்கு மேல் நாள் முழுக்க வெறுங்காலில் கல்தரையில் நின்ற வேலை. அந்த ஊசியைப் பற்றியும் கேட்டேன். நாணைச் சுற்றி ஸ்டீராய்டு போட்டால் ஏற்கெனவே நைந்த நாண் இன்னும் பலவீனமாகி அறுந்துபோகும் அபாயம் உண்டு, அதனால் இந்த இடத்தில் அவர் போடுவதில்லை என்றார். வலி போனதால் நான் ஓய்வெடுக்காமல் நின்றது அதைவிடக் கெடுதல் செய்திருக்கும் என்றும் சொன்னார்.

நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். படுத்து எடுத்த பழைய படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே கால்தானா என்று இருந்தது. எடை ஏறினால்தான் பாதம் சரிகிறது, படுத்திருக்கும்போது எலும்புகள் தங்கள் இடத்துக்குப் போய்விடுகின்றன. அதனால்தான் முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது பாதத்துக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தால், நிற்க வைத்து எடுக்க வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் நாண் தடித்து, நீளவாக்கில் கிழிந்திருந்தது, முழுதாக அறுந்திருக்கவில்லை.

இந்த நோயை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டத்தில் நாண் வீங்கி வலிக்கும், வளைவு அப்படியே இருக்கும், குதிகாலையும் தூக்க முடியும். இரண்டாவதில் வளைவு சரிந்திருக்கும், ஆனால் கையால் பாதத்தைப் பிடித்துத் திருப்பினால் நேராக வந்துவிடும். மூன்றாவதில் அப்படித் திருப்ப வராது, மூட்டுகள் இறுகித் தேய்ந்திருக்கும். நான்காவதில் கணுக்கால் மூட்டும் சாயத் தொடங்கிவிடும். டாக்டர் என் குதிகாலைப் பிடித்து மெல்ல உள்ளே திருப்பினார், வந்தது. "இரண்டாவது கட்டம். ஆடி மாசமே வந்திருந்தா முதல் கட்டத்திலேயே பிடிச்சிருக்கலாம்" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் கவனமாகக் கேளுங்கள். பொங்கலுக்கு முன்பு சில வாரம் எனக்கு உள்பக்க வலி குறைந்திருந்தது. அதற்குப் பதில் வெளிப்பக்கக் கணுக்கால் எலும்புக்குக் கீழே நெருடலாக ஒரு வலி. உள்பக்கம் ஆறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அது ஆறவில்லை. குதிகால் எலும்பு வெளியே சாய்ந்து சாய்ந்து வெளிப்பக்க எலும்பில் போய் இடிக்கத் தொடங்கியிருந்தது. வலி உள்ளேயிருந்து வெளியே மாறினால் நோய் ஒரு படி முன்னால் போயிருக்கிறது என்று அர்த்தம்.

சிகிச்சை, முதலில் ஆறு வாரம் வாக்கிங் பூட். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வரும், நாணுக்கு முழு ஓய்வு தரும் கனமான பூட். அந்த ஆறு வாரம் சம்பளமில்லாத விடுப்பு. இதில் இரண்டு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பூட்டின் அடி தடிமன் என்பதால் வலது கால் உயர்ந்துவிடும், நான்காவது நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. இடது காலுக்கு அதே உயரத்தில் தடித்த அடியுள்ள செருப்பு போட்டபிறகு சரியானது. இரண்டாவது, சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவு பூட்டைக் கழற்றி, கண்ணாடி வைத்தாவது தோலைப் பார்க்க வேண்டும். எனக்குக் கணுக்காலில் ஒரு சிவப்புத் தடம் வந்தது, பஞ்சு வைத்து மாற்றிக் கட்டியதில் புண்ணாகாமல் தப்பித்தது.

பூட்டுக்குப் பிறகு செருப்பு. நம் ஊரில் இந்த நோயின் பெரிய சிக்கலே இங்கேதான் இருக்கிறது. வளைவைத் தாங்கும் இன்சோல் செய்து கொடுப்பார்கள், அதை எந்தச் செருப்பில் வைப்பது? ஹவாய் செருப்பில் நிற்காது. வீட்டுக்குள் வெறுங்கால். எனக்குச் செய்தது கொஞ்சம் கெட்டியான இன்சோல், வளைவுக்கு முட்டுக் கொடுத்து, குதிகாலின் உள்பக்கம் மட்டும் சற்று உயர்த்தியது. சிலிக்கான் பட்டை ஏன் உதவவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அது மெத்தை, இது முட்டு. சரிகிற சுவருக்கு மெத்தை வைத்து என்ன பயன்? வெளியே போகக் கயிறு கட்டும் ஷூ, குதிகாலைச் சுற்றியிருக்கும் பகுதி அமுக்கினால் நசுங்காததாகப் பார்த்து வாங்கினேன். ஷூவின் இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள், சுலபமாக முறுக்கினால் அது வேண்டாம். வீட்டுக்குள் போட, சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். செருப்பிலேயே பின்வாரும் உள்பக்க முட்டும் வைத்துச் செய்து தந்தார்கள். படுக்கையை விட்டு இறங்கும்போதே அதில்தான் கால் வைக்கிறேன். முதல் இன்சோலின் முட்டு அதிக உயரமாக இருந்து ஒரு வாரம் உள்ளங்கால் குத்தியது. பொறுத்துக்கொள்ளாமல் எடுத்துப் போய்த் தேய்த்துக் குறைத்து வாங்கினேன். புதிதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். வெளியே போகும்போது முதல் ஒரு வருடம் கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸும் ஷூவுக்குள் போட்டேன்.

புடவையோடு ஷூ போட்டு வேலைக்கு வர டாக்டரிடம் கடிதம் வாங்கி முதலாளியிடம் கொடுத்தேன். பில் போடும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே உட்காரலாம்.

பயிற்சி என்று பார்த்தால் மூன்றுதான், ஆனால் அதில் செய்முறை தவறினால் பலனில்லை. பிசியோவில் இருந்த தம்பி ரப்பர் பட்டையின் ஒரு முனையை மேசைக்காலில் கட்டி, மறுமுனையை என் பாதத்தின் முன்பகுதியில் மாட்டிவிட்டார். பட்டை பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும்படி நாற்காலியைப் போட வேண்டும். பாதத்தைக் கீழே நீட்டியபடி உள்பக்கமாக இழுத்து, பிறகு ஐந்து எண்ணும் நேரம் எடுத்து மெல்லத் திரும்ப விட வேண்டும். "மேடம், இழுக்கிறது முக்கியமில்ல, மெதுவா விடறதுதான் மருந்து" என்பார். நான் முதல் வாரம் முழங்காலையே ஆட்டிவிட்டுப் பாதம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். முழங்காலின் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டபோதுதான் பாதம் எவ்வளவு பலவீனம் என்று தெரிந்தது, ஐந்து தடவைக்கு மேல் வரவில்லை. மிக இலேசான பட்டையில் பதினைந்து தடவை மூன்று சுற்று வலியில்லாமல் வந்தபிறகுதான் அடுத்த பட்டைக்கு மாற்றினார்.

இரண்டாவது, இரண்டு குதிகாலுக்கும் நடுவில் டென்னிஸ் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டே இரண்டு குதிகாலையும் சேர்த்துத் தூக்கி எழும்புவது. பந்து விழுந்தால் குதிகால் வெளியே சாய்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுவது. இதைத் தவறாகச் செய்தால் கெடுதலே வரும். கெண்டைக்கால் இறுகியிருந்தால் கணுக்காலில் மடங்க வேண்டியது நடுப்பாதத்தில் மடங்கும், அதனால் நீட்டுவது அவசியம். ஆனால் வெறுங்காலில் நீட்டினால் அந்த நீட்டலே வளைவை அமுக்கிவிடும். ஷூவும் இன்சோலும் போட்டுக்கொண்டு, விரல்களைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைத்துத்தான் செய்ய வேண்டும். பயிற்சி முடிந்த அன்று கொஞ்சம் அலுப்பு வலி இருக்கலாம், மறுநாள் காலையிலும் உள்பக்கம் வீங்கியிருந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு குறைத்தேன்.

அறுவை சிகிச்சை பற்றியும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆறேழு மாதம் இப்படிச் செய்தும் வலி போகாவிட்டால், விரல்களை மடக்கும் ஒரு நாணை எடுத்து நைந்த நாணின் இடத்தில் கட்டி, குதிகால் எலும்பை வெட்டி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்பக்கம் நகர்த்தித் திருகு போடுவார்கள். பல வாரம் காலை ஊன்றக் கூடாது, முழுதாகத் தேற ஒரு வருடம்கூட ஆகும். பாதம் இறுகிப்போன பிறகு வந்தால் அதற்கும் வழியில்லை, மூட்டுகளைச் சேர்த்து ஒட்டவைப்பதுதான். பிசியோவில் என்னோடு வந்த ஒரு அக்காவுக்கு அப்படிச் செய்திருந்தது. வலி போய்விட்டது என்றார், ஆனால் மேடு பள்ளத்தில் பாதம் சாய்ந்துகொடுக்காது, வரப்பில் நடக்கவே முடியவில்லை என்று வருத்தப்பட்டார்.

எனக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. நான்காவது மாதம் வீக்கம் போனது. ஏழாவது மாதம் வலது காலில் மட்டும் நின்று, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஒரே ஒரு தடவை தூக்கினேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது எட்டு தடவை வருகிறது. எடை 69. வளைவு திரும்பி வரவில்லை, வரவும் வராது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். நீண்டுபோன தசைநார் பயிற்சியால் குறுகாது. சரிவதை நிறுத்தினோம், அவ்வளவுதான். ஈரத் தடம் இன்றைக்கும் அகலமாகத்தான் விழுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பின்னாலிருந்து மகள் படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கிறாள். இரண்டு வருடமாக அதே மூன்று விரல்தான் தெரிகிறது, நான்காவது விரல் தெரியவில்லை. கோவிலுக்குக் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போகிறேன், வெறுங்காலில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

போன மாதம் பட்டுப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், 41 வயது, சாப்பாட்டு நேரத்தில் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சுளுக்கு மாதிரி இருக்குக்கா, ரெண்டு மாசமா விடவே இல்ல" என்றாள். எங்கே என்று கேட்டேன். உள் எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தாள். அவளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, ஒவ்வொரு காலிலும் தனியாக நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னேன். வலது காலில் நிறுத்தாமல் பதினைந்து தடவை தூக்கினாள். இடது காலில் நான்காவது தடவையே உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாள். பின்னாலிருந்து பார்த்தேன், இரண்டு காலிலும் சுண்டுவிரல் மட்டும்தான் தெரிந்தது. வளைவு இன்னும் இருந்தது. அன்று சாயங்காலமே மேலாளரிடம் பேசி மறுநாள் லீவு வாங்கிக் கொடுத்து, நானே கூட்டிக்கொண்டு போனேன். முதல் கட்டம். இப்போது பூட் போட்டு வீட்டில் இருக்கிறாள்.